பூனை ஆஸ்துமாவுக்கு ஸ்பேசர்ல குடுக்குற ஸ்டீராய்டு: உள்ள போய் என்ன பண்ணுது, ஏன் தினமும் வேணும்

பூனை வளக்குறவங்க குரூப்ல யாராவது "என் பூனைக்கு ஆஸ்துமான்னு டாக்டர் இன்ஹேலர் எழுதிக் குடுத்துட்டாரு"ன்னு போட்டா, அடுத்த அஞ்சு நிமிஷத்துல ரெண்டு பதில் வந்துடும். ஒண்ணு, "ஸ்டீராய்டா, ஐயோ வேணாம்ங்க". இன்னொண்ணு, "எங்க வீட்லயும் இருக்கு, இருமும்போது மட்டும் ரெண்டு பஃப் அடிச்சு விடுவோம், சரியாயிடும்". ரெண்டாவது ஆளு பேசுறது வேற மருந்தப் பத்தி, ஆனா கேக்குறவங்களுக்கு அது தெரியாது, ரெண்டுமே ஒரே மாதிரி சின்ன டப்பா, ரெண்டும் புஸ்ஸுன்னு அடிக்கும். இந்தக் குழப்பத்துல நானும் இருந்தேன், அதனால எங்க பூனைக்கு ஒரு மோசமான ராத்திரி வந்துச்சு. அது எப்படி ஆச்சுன்னு கடைசில சொல்றேன், அதுக்கு முன்னாடி உள்ள என்ன நடக்குதுன்னு புரியணும்.

கண்ணுல தூசி விழுந்தா என்ன ஆகும்

பைக்ல போகும்போது கண்ணுல தூசி விழுந்திருக்கும்ல. உடனே மூணு விஷயம் நடக்கும். கண்ணு செவந்து வீங்கும், தண்ணியா ஊத்தும், இமை தானா இறுக்கி மூடிக்கும். மூணுமே கண்ணக் காப்பாத்துறதுக்கு உடம்பு பண்றதுதான், தூசி போனதும் கொஞ்ச நேரத்துல அடங்கிடும்.

ஆஸ்துமா இருக்குற பூனையோட நெஞ்சுக்குள்ள மூச்சுக்குழாய்ல இதே மூணும் நடக்குது. குழாயோட உள்சுவர் வீங்குது, சளி சுரக்குது, குழாயச் சுத்தி இருக்குற தசை இறுக்கிப் பிடிக்குது. வித்தியாசம் என்னன்னா, இங்க விழுற தூசி சாதாரணமானது, வீட்டுத் தூசியோ பூச்சிகளோட துகளோ மகரந்தமோ, மத்த பூனைக்கெல்லாம் ஒண்ணுமே ஆகாது. இந்தப் பூனையோட உடம்பு மட்டும் அத எதிரியா நெனச்சு ஈசினோஃபில்ங்கிற ஒரு வகை வெள்ளை அணுவ மூச்சுக்குழாய்க்குள்ள அனுப்பிக்கிட்டே இருக்கும். அந்த அணுக்கள் அங்கயே உக்காந்துகிட்டு சுவர எரிச்சப்படுத்திட்டே இருக்கும். இப்படி ஒரு எடம் விடாம வீங்கி எரிச்சலோட இருக்குறதத்தான் அழற்சின்னு சொல்றோம், இந்த ஒரு வார்த்தைய மட்டும் நினைவுல வச்சுக்கோங்க, மிச்ச எல்லாம் இதுல இருந்துதான் வரும்.

கொஞ்சம் வீங்கினா என்ன பெருசா ஆகிடப் போகுதுன்னு தோணும். எளநி குடிக்கிற ஸ்ட்ராவையும் ஃப்ரூட்டி டப்பாவோட வர்ற சின்ன ஸ்ட்ராவையும் நெனச்சுப் பாருங்க, சின்னதுல உறிஞ்ச எவ்ளோ தம் கட்டணும். குழாயோட அகலம் பாதியாக் கொறஞ்சா காத்து போறதுக்கு இருக்குற தடை ரெண்டு மடங்கு இல்ல, கிட்டத்தட்ட 16 மடங்கு ஆகும். பூனையோட குழாய் ஏற்கெனவே பொடிசு. அதனால லேசான வீக்கமே அதுக்கு ரொம்ப பெரிய விஷயம்.

வெளிய நமக்குத் தெரியுறது பெரும்பாலும் இருமல்தான். உடம்பத் தரையோட தரையா ஒட்டி, கழுத்த முன்னாடி நீட்டி, கஹ் கஹ்னு இருமும், கடைசில எதையோ முழுங்குற மாதிரி பண்ணிட்டு ஒண்ணும் நடக்காத மாதிரி எழுந்து போயிடும். இதப் பாத்து முடி உருண்டைன்னு நெனச்சு மாசக்கணக்குல அதுக்கான பேஸ்ட் வாங்கிக் குடுக்குறவங்க நெறைய பேரு. முடி உருண்டைன்னா பெரும்பாலும் குமட்டிக் கடைசில ஏதாவது வெளிய வரும், இங்க அடிக்கடி இப்படி வந்தும் ஒண்ணுமே வராது. அத ஒரு வீடியோ எடுத்து டாக்டர்கிட்ட காட்டுங்க, நம்ம வாயால வெளக்குறதவிட அது நூறு மடங்கு உதவும்.

சுருக்கமா, ஆஸ்துமாங்கிறது வீக்கம், சளி, தசை இறுக்கம் மூணும் சேந்தது. இருமல் வந்து வந்து போகும். அழற்சி இருமல் இல்லாத நாள்லயும் உள்ள இருக்கும்.

ரெண்டு டப்பா, ரெண்டு வேலை

இப்ப மருந்துக்கு வருவோம். சால்பியூட்டமால்னு ஒண்ணு. இது இறுக்கிப் பிடிச்ச தசைய மட்டும் தளத்தி விடும், சில நிமிஷத்துல வேலை செய்யும், சில மணி நேரத்துல போயிடும். கண் உதாரணத்துல சொன்னா இறுக்கி மூடின இமையத் தெறந்து விடுற மாதிரி, ஆனா கண்ணு செவந்தது செவந்தபடியேதான் இருக்கும். அவசரத்துக்கு இதுதான் வேணும். ஆனா இதையே தினமும் குடுத்துட்டு இருந்தா, நமக்குக் கடைல கெடைக்கிற சாதாரண வகை, பூனைகளோட மூச்சுக்குழாய் அழற்சிய அதிகப்படுத்துதுன்னு ஆய்வுல பாத்திருக்காங்க. அதனால இது பக்கத்துல இருக்கணும், தினப்படி மருந்தா ஆகிடக் கூடாது.

இன்னொண்ணு ஃப்ளூட்டிகசோன். இதுதான் உள்ளிழுக்குற ஸ்டீராய்டு. ஸ்டீராய்டுன்னா இங்க ஜிம்ல போடுற ஊசி இல்ல, உடம்பு தானே சுரக்குற கார்டிசால் வகையச் சேந்த மருந்து. இது தசையத் தொடுறதே இல்ல. மூச்சுக்குழாய் சுவர்ல இருக்குற செல்லுக்குள்ள போயி, "ஈசினோஃபில இங்க அனுப்பு"ன்னு போற உத்தரவையே நிறுத்துது. உத்தரவு நின்னாலும் ஏற்கெனவே வந்து சேந்த அணுக்கள் சாகணும், வீங்கின சுவர் வத்தணும். அதுக்கு 10 நாள்ல இருந்து 14 நாள் ஆகும். பூனை இருமும்போது ஃப்ளூட்டிகசோன் அடிச்சா அந்த நேரத்துக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல, காரணம் இதுதான்.

இந்த 14 நாள் இடைவெளிய நெறைய பேரு கவனிக்கிறதில்ல. அதனாலதான் டாக்டருங்க ஆரம்பத்துல பிரெட்னிசோலோன்ங்கிற ஸ்டீராய்டு மாத்திரையும் சேத்துக் குடுப்பாங்க, மாத்திரை அடக்கி வச்சிருக்குற நேரத்துல ஸ்ப்ரே மெதுவா அந்த வேலைய ஏத்துக்கும், அப்புறம் மாத்திரையப் படிப்படியாக் கொறைப்பாங்க. திடீர்னு நிறுத்தக் கூடாது, வெளியில இருந்து ஸ்டீராய்டு வந்துட்டு இருந்ததால உடம்பு தன்னோட சுரப்பக் கொறச்சு வச்சிருக்கும்.

அப்ப மாத்திரையே குடுத்துட்டுப் போகலாமேன்னு கேப்பீங்க. மாத்திரை குடல் வழியா ரத்தத்துல கலந்து உடம்பு முழுக்க சுத்துது. மாசக்கணக்குல போனா எடை கூடும், சர்க்கரை நோய் வரலாம், அதுவும் பூனைங்களுக்கு இந்த ஆபத்து நெஜமாவே இருக்கு. இதயம் பலவீனமா இருக்குற பூனைக்கு இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். ஸ்ப்ரேல மருந்து நேரா மூச்சுக்குழாய்க்குப் போகுது, அளவும் மைக்ரோகிராம்ல. கொஞ்சம் முழுங்கினாலும், ஃப்ளூட்டிகசோன் குடல்ல இருந்து கல்லீரலுக்குப் போனதும் கல்லீரல் அத ஏறக்குறைய முழுசா சிதைச்சிடும். அதனால உடம்புல சுத்துற அளவு ரொம்பக் கம்மி. சுத்தமா இல்லன்னு சொல்ல மாட்டேன், அளவு அதிகமானா கொஞ்சம் தெரியும். ஆனா "ஸ்டீராய்டு வேணாம்"னு பயப்படுறவங்க பயப்பட வேண்டியது வருஷக்கணக்கா ஓடுற மாத்திரைக்கும், ஒரு தடவை போட்டா வாரக்கணக்குல உடம்புல தங்குற டெப்போ ஊசிக்கும்தான். அந்தப் பயத்துக்கு வழியாத்தான் ஸ்ப்ரேவே வந்துச்சு.

சுருக்கமா, சால்பியூட்டமால் இந்த நிமிஷத்துக்கு, ஃப்ளூட்டிகசோன் அடுத்த மாசத்துக்கு. டப்பா மேல மார்க்கர்ல பெருசா "அவசரம்", "தினம்"னு எழுதி வச்சுடுங்க, ராத்திரி ரெண்டு மணிக்குப் பதட்டத்துல மாத்தி எடுக்காம இருக்க.

நடுவுல அந்த ஸ்பேசர் எதுக்கு

மனுஷங்க இன்ஹேலர வாயில வச்சு அழுத்துற அதே நொடி உள்ள இழுப்போம். பூனைகிட்ட "இழு"ன்னு சொல்ல முடியுமா? அது மூக்கு வழியா, தன் இஷ்டத்துக்கு, சின்னச் சின்னதா மூச்சு விடும். அதுக்குத்தான் ஸ்பேசர். ஒரு முனைல இன்ஹேலர் சொருகுற, மறுமுனைல மாஸ்க் இருக்குற பிளாஸ்டிக் குழல்.

இன்ஹேலர்ல இருந்து வர்றது வாசல் தெளிக்கும்போது வீசுற தண்ணி மாதிரி, வேகமா, பெரிய பெரிய துளியா வரும். அப்படியே மூஞ்சில அடிச்சா மூக்குலயும் முடிலயும் ஒட்டிக்கும், நெஞ்சுக்குப் போகாது. குழலுக்குள்ள அடிச்சா பெரிய துளி எல்லாம் சுவர்ல பட்டு நின்னுடும், மிச்சம் மார்கழிப் பனி மாதிரி கொஞ்ச நேரம் மெதந்துட்டு இருக்கும். பூனை தன் வேகத்துல அத மூச்சோட இழுத்துக்கும். மாஸ்க்குக்கு முன்னாடி ஒரு வால்வு இருக்கும், ஒரு பக்கம் மட்டும் தெறக்குற கதவு, உள்ள இழுக்கும்போது தெறக்கும், வெளிய விடும்போது மூடிக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாப்போம். பூனை ஒரு மூச்சுக்கு எடையில கிலோவுக்கு சுமார் 10 மில்லி காத்து இழுக்கும். 4.5 கிலோ பூனைன்னா 45 மில்லி. பத்து மூச்சுக்கு 450 மில்லி. பெரியவங்களுக்கு விக்கிற 750 மில்லி ஸ்பேசர மாட்டினா பத்து மூச்சுலயும் அதுல இருக்குற காத்து காலியாகாது, அதுக்குள்ள மருந்து சுவர்ல படிஞ்சிடும். அதனாலதான் கைக்குள்ள அடங்குற சின்ன குழலும், பூனையோட மூக்கையும் வாயையும் மூடுற அளவு ரப்பர் மாஸ்க்கும் வேணும். பூனைக்குன்னே வர்றது கெடைக்கலன்னா கைக்குழந்தை ஸ்பேசர டாக்டருங்க சொல்லுவாங்க. எதுவா இருந்தாலும் பாக்க வேண்டியது ஒண்ணுதான்: பூனையோட லேசான மூச்சுக்கு வால்வு அசையுதா? அசையலன்னா மருந்து போகல, அவ்ளோதான்.

எங்க வீட்ல எப்படிப் பண்ணோம்

எங்க பூனை பேரு கருப்பி, அப்ப அஞ்சு வயசு, 4.5 கிலோ. டாக்டர் எக்ஸ்ரே எடுத்துட்டு, நுரையீரல் புழு இருக்கான்னும் பாத்துட்டுத்தான் ஆஸ்துமான்னு சொன்னாரு. புழு இருந்தாலும் இதே மாதிரிதான் இருமும், ஸ்டீராய்டு குடுத்தா இருமல் கொறஞ்ச மாதிரி ஏமாத்தும், அதனால இந்தப் படிய விடாதீங்க. எழுதிக் குடுத்தது: பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராம் தினம் ஒரு வேளை, ஃப்ளூட்டிகசோன் 125 மைக்ரோகிராம் காலைல ஒரு பஃப் சாயங்காலம் ஒரு பஃப், சால்பியூட்டமால் 100 மைக்ரோகிராம் அவசரத்துக்கு மட்டும். இது அவளோட அளவு, உங்க பூனைக்கு உங்க டாக்டர்தான் சொல்லணும்.

"மொத வாரம் ஸ்ப்ரே அடிக்காதீங்கம்மா, மாத்திரை பாத்துக்கும், நீங்க அவள மாஸ்க்குக்குப் பழக்குங்க"ன்னாரு. இந்த ஒரு வாரம்தான் எல்லாத்தையும் காப்பாத்துச்சு. மொத ரெண்டு நாள் ஸ்பேசர அவ சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்துல சும்மா கெடக்க விட்டோம், மோந்து பாத்தா ஒரு துண்டு வேகவச்ச மீனு. அப்புறம் மாஸ்க்கோட உள்விளிம்புல மீன் தண்ணியத் தடவிக் கைல பிடிச்சோம், அவளே மூஞ்சிய உள்ள விட்டு நக்குனா. அப்புறம் மருந்து இல்லாம மாஸ்க்க ஒரு மூச்சு நேரம் வச்சு எடுத்து மீனு, அடுத்த நாள் மூணு மூச்சு, அப்புறம் ஆறு, அப்புறம் பத்து. அந்த புஸ் சத்தத்தத் தனியாப் பழக்குனோம், அடுத்த ரூம்ல அடிச்சு இங்க மீனு. பிடிச்சு அமுக்கி மாட்டியிருந்தா ஒரு நாள் ஜெயிச்சிருப்போம், மறுநாள் ஸ்பேசரப் பாத்ததும் கட்டிலுக்கு அடில போயிருப்பா. மூச்சு முட்டுற நோய் இருக்குற ஜீவனோட மூஞ்சிய மூடுறோம், அது பயப்படும்ல.

எட்டாவது நாள்ல இருந்து நெஜமா ஆரம்பிச்சோம். இன்ஹேலர நல்லா குலுக்கணும், மருந்து அடில தங்கியிருக்கும், குலுக்கலன்னா ஒரு பஃப்ல கம்மியாவும் ஒரு பஃப்ல அதிகமாவும் வரும். ஸ்பேசர்ல சொருகி, கருப்பிய என் மடியில வெளிப்பக்கம் பாத்த மாதிரி உக்கார வச்சு, பின்னாடி இருந்து மாஸ்க்க வைப்பேன். முன்னாடி இருந்து வந்தா தலைய இழுத்துக்குவா. ஓரத்துல எங்கயும் காத்து போகாம ஒட்டணும். ஒரு அழுத்து, அப்புறம் வால்வப் பாத்து மூச்ச எண்ணுவேன், 7ல இருந்து 10 வரைக்கும். நொடிய எண்ணாதீங்க, மூச்ச எண்ணுங்க, பல பூனை புஸ் சத்தம் கேட்டதும் ரெண்டு மூணு நொடி மூச்சப் பிடிச்சுக்கும், அந்த நேரம் மருந்து போகாது. முடிஞ்சதும் மூக்கு வாய் ஓரத்த ஈரத்துணில தொடச்சு விட்டு, சாப்பாடு வச்சிடுவேன், தோல்லயும் வாயிலயும் ஒட்டுன ஸ்டீராய்டு போயிடும். இருமலோட இருக்குற நாள்ல ரெண்டு மருந்தும் வேணும்னா மொதல்ல சால்பியூட்டமால், அஞ்சு நிமிஷம் கழிச்சு ஃப்ளூட்டிகசோன், தெறந்த குழாய்ல இது இன்னும் உள்ள போகும்.

ரெண்டு வாரம் மாத்திரையும் ஸ்ப்ரேயும் சேந்து ஓடுச்சு. அப்புறம் ஒரு வாரம் பாதி மாத்திரை, அடுத்த வாரம் ஒண்ணு விட்டு ஒரு நாள் பாதி, அப்புறம் மாத்திரை நின்னுடுச்சு.

நல்லாயிடுச்சுன்னு நெனச்சப்ப

மூணு மாசத்துல இருமல் சுத்தமா இல்ல. ஓடுறா, திரைச்சீலைல ஏறுறா. நான் யார்கிட்டயும் கேக்காம ஸ்ப்ரேய நிறுத்துனேன். எதுக்கு வீணா ஸ்டீராய்டுன்னு. மொத பத்து நாள் ஒண்ணும் ஆகல, நான் செஞ்சது சரின்னே நெனச்சேன். பதினேழாவது நாள் ராத்திரி சமையக்கட்டுல மொளகா தாளிச்ச நெடி, அவ தரையோட ஒட்டி வாயத் தெறந்து மூச்சு வாங்குனா. பூனை வாயால மூச்சு விட்டாலே அது அவசரம். சால்பியூட்டமால் ஒரு பஃப் குடுத்துட்டு ஆட்டோல தூக்கிட்டு ஓடுனோம், ராத்திரி முழுக்க ஆக்சிஜன்ல வச்சிருந்தாங்க. பொழச்சா.

அப்புறம்தான் எனக்குப் புரிஞ்சுது. இருமல் நின்னது அழற்சி போனதால இல்ல, மருந்து அத அடக்கி வச்சிருந்ததால. அமெரிக்காவுல மிசோரி பல்கலைக்கழகத்துல பண்ண ஒரு ஆய்வு 2011ல வந்துச்சு, வாய்வழி ஸ்டீராய்டு எடுத்து அறிகுறி எல்லாம் போன 10 பூனையோட மூச்சுக்குழாயக் கழுவிப் பாத்தா 7 பூனைக்கு உள்ள அழற்சி அப்படியே இருந்துச்சு. இருமல் இல்லங்கிறத வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. வருஷக்கணக்குல அழற்சி இருந்தா குழாய்ச் சுவர் தடிச்சு, தழும்பேறி, இறுகிப் போயிடும், அத எந்த ஸ்டீராய்டும் பழையபடி ஆக்காது.

அளவக் கொறைக்கலாமான்னா, கொறைக்கலாம், ஆனா டாக்டர் பாத்து, சில மாசம் நல்லா இருந்த பிறகு, படிப்படியா. சில பூனைக்கு கம்மி அளவே போதும். பெரும்பாலும் முழுசா நிறுத்த முடியாது.

கவனிக்காம விட்டா தப்பாப் போற ரெண்டு எடம்

மொதல்ல காலி டப்பா. மருந்து தீந்ததுக்கு அப்புறமும் இன்ஹேலர் புஸ்ஸுன்னு அடிக்கும், வெறும் வாயுதான் வரும். ஆட்டிப் பாத்தா திரவம் இருக்குற மாதிரியே சத்தம் கேக்கும். 120 பஃப் டப்பான்னா தினம் ரெண்டு வீதம் 60 நாள், புதுசுல சும்மா அடிச்சுப் பாக்குறதுல கொஞ்சம் போகும். தெறக்குற அன்னைக்கே தேதிய மேல எழுதி, 55வது நாளுக்கு போன்ல அலாரம் வச்சிடுங்க. "ரெண்டு மாசம் நல்லா இருந்துச்சு, இப்ப மருந்து கேக்கல"ன்னு சொல்றவங்ககிட்ட நான் மொதல்ல கேக்குறது டப்பா எப்ப வாங்குனதுன்னுதான்.

அப்புறம் கழுவுறது. ஸ்பேசர வாரம் ஒரு தடவை வெதுவெதுப்பான தண்ணில கொஞ்சம் பாத்திரம் கழுவுற லிக்விட் விட்டு ஊற வச்சு எடுத்து, தண்ணிய உதறி, அப்படியே காய விடணும். துணிய வச்சுத் தேய்க்காதீங்க. சீப்ப முடில தேச்சு காகிதத் துண்ட இழுத்து வெளையாடிருக்கோம்ல, பிளாஸ்டிக்கத் தேச்சா அதே மாதிரி மின்னேத்தம் வந்து, மெதக்குற மருந்த சுவர் இழுத்துக்கும். பூனைக்குப் போற அளவு கொறஞ்சிடும், நமக்குத் தெரியவே தெரியாது.

மருந்து வேலை செய்யுதான்னு பாக்க நான் பண்றது, அவ அசந்து தூங்கும்போது வயிறு ஏறி எறங்குறத ஒரு நிமிஷம் எண்ணி காலண்டர்ல எழுதுறது. பொதுவா 30க்குள்ள இருக்கணும். கருப்பிக்கு 22ல இருந்து 24, அந்த ராத்திரிக்கு மொத நாள் எண்ணியிருந்தா எவ்ளோ இருந்திருக்கும்னு இப்பவும் நெனப்பேன். ரெண்டு மூணு நாள் தொடர்ந்து ஏறிட்டே வந்தா இருமல் வர்றதுக்கு முன்னாடியே டாக்டருக்கு போன் போட்டுடுவேன். வீட்ல சாம்பிராணி, கொசுவத்தி, ஊதுபத்தி எல்லாம் நிறுத்திட்டோம், அவ டாய்லெட் தட்டுல போடுற தூசி பறக்குற மணல மாத்துனோம். சளிக்கு விக்ஸ் தடவலாமான்னு எங்க அத்தை கேட்டாங்க. வேண்டவே வேண்டாம், அதுல இருக்குற கற்பூரம் பூனைக்கு விஷம்.

இப்ப நாலு வருஷம் ஆச்சு. காலைல ஆறரைக்கு குக்கர் வைக்கிற சத்தம் கேட்டதும் கருப்பி தானா வந்து என் மடியில வெளிப்பக்கம் திரும்பி உக்காந்துக்குவா, பத்து மூச்சு முடிஞ்சதும் மீனுக்குத் திரும்பிப் பாப்பா.